ஞாயிறு இரவு கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு வாரமும் பாக்கி: என்ன தப்பு செய்கிறேன்?

ஈரோட்டுப்பொண்ணு

ஆடிட்டர் ஆபீஸில் வேலை, சனிக்கிழமையும் உண்டு. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன், இன்னும் சுமார் 14 வாரம் இருக்கிறது. காலை 5 முதல் 6.30, இரவு 8.30 முதல் 10, ஞாயிறு 10 மணி நேரம் என்று வாரத்துக்கு 28 மணி நேரம் திட்டம் போட்டேன்.

தினசரி நாட்காட்டியில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் அன்றன்று படித்ததைக் குறித்து, ஞாயிறு இரவு ஏழு தாளையும் கிளிப் போட்டுக் கூட்டுவேன். இந்த மாதம் நான்கு வாரமும் முறையே 17, 12, 11, 16.5. குறைந்ததை அடுத்த வாரத்தில் சேர்த்துக்கொண்டே வந்ததில் மூன்றாவது வாரத் திட்டம் 50 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அந்த வாரம் தாளை எடுக்கவே பிடிக்கவில்லை. இந்த வாரம் பழையதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி 28 என்று ஆரம்பித்தேன், அதுவும் நடக்கவில்லை. அடுத்த வாரத்துக்கு என்ன எழுதுவது?

நூலகவாசி

28 மணி நேரமே குறைவு சகோ. நான் மாவட்ட நூலகத்தில் தினமும் 10 மணி நேரம் உட்கார்ந்தேன். காலை 4 மணிக்கு எழுந்து பாருங்கள்.

ஈரோட்டுப்பொண்ணு

அண்ணா, நான் வேலைக்குப் போகிறேன். எப்படிக் கூட்டுவது என்று கேட்கவில்லை, எதை எழுதினால் நடக்கும் என்றுதான் கேட்கிறேன்.

தேங்காய்ச்சில்லு

ரொம்ப யோசிக்காதீங்க. நாலு வாரத்தையும் கூட்டினால் 56.5, நாலால் வகுத்தால் 14 சொச்சம். இனி வாரம் 14 என்று போடுங்கள், முடிந்தது.

பழைய பரீட்சைக்காரன்

தேங்காய்ச்சில்லு சொல்வதில் பாதி சரி. ஆசையை விட்டுவிட்டு நடந்ததை அடிப்படையாக வைக்க வேண்டும். ஆனால் இவர் எண்களைப் பாருங்கள்: 17, 16.5 ஒரு ஜோடி. 12, 11 இன்னொரு ஜோடி. 14 மணி நேரம் படித்த வாரம் ஒன்றுகூட இல்லை. 14 என்று எழுதினால் ஒரு வாரம் நேரம் மிஞ்சும், இன்னொரு வாரம் மறுபடி பாக்கி விழும்.

தங்கச்சி, இரண்டாவது வாரத்தில் 11-ம் தேதி, மூன்றாவதில் 20-ம் தேதி வந்ததா?

ஈரோட்டுப்பொண்ணு

ஆமாம் அண்ணா! 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி, இரண்டும் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள். அந்த வாரங்களில் வீட்டுக்கு வரவே ஒன்பது ஆகும். தினமும் அந்த வேலைதான் பார்க்கிறேன், இதை யோசிக்கவே இல்லை.

பழைய பரீட்சைக்காரன்

அப்படியானால் உங்களுக்கு இரண்டு வகை வாரம், இரண்டு திட்டம். ஞாயிறு உட்கார்ந்ததும் முதலில் நாட்காட்டியில் அடுத்த வாரத் தேதிகளைப் பாருங்கள், அப்புறம் மணிக்கணக்கு. 20-ம் தேதி திங்கட்கிழமை வந்தால் அதற்கு முந்தின வாரம்தான் கனமான வாரம், அதையும் கவனியுங்கள்.

கடைசி வாரத்து 16.5 எங்கே கிடைத்தது என்று காலை, இரவு, ஞாயிறு பிரித்துச் சொல்லுங்கள்.

ஈரோட்டுப்பொண்ணு

காலை ஆறில் ஐந்து நாள், 7.5. இரவு ஆறில் இரண்டே நாள், 3. ஞாயிறு பத்துக்கு ஆறு. இரவு படித்த இரண்டு நாளும் ஆபீஸிலிருந்து ஆறரைக்குள் கிளம்பிய நாள். மற்ற நாளில் சாப்பிட்டு உட்காரவே ஒன்பதேகால், புத்தகத்தைத் திறந்தபடியே தூங்கிவிடுகிறேன்.

பழைய பரீட்சைக்காரன்

மொத்தத்தை மட்டும் பார்த்தால் "11.5 குறைந்தது" என்று மனசு கெடும், அவ்வளவுதான். பிரித்துப் பார்த்தால் காலையில் கோளாறே இல்லை. இரவில் எட்டரை என்பது தாளில் மட்டும் இருக்கிற நேரம்.

அடுத்த வாரம் 29 முதல் 5 வரை, தாக்கல் தேதி இல்லை. ஐந்து காலை 7.5, இரண்டு இரவு 3, ஞாயிறு 6 என்று 16.5 மட்டும் எழுதுங்கள். சனிக்கிழமை காலையைக் காலியாக விடுங்கள். அந்த வாரம் தவறியது ஏதாவது இருந்தால் அங்கே வரட்டும். அதிலும் அடங்காத மணி நேரத்தை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், அது போனது போனதுதான். முடியாத பாடத்தை மட்டும் கொண்டுபோங்கள், அதுவும் புதுப் பாடம் ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில். கனமான வாரத்துக்கு ஐந்து காலை, ஞாயிறு 4, ஆக 11.5. இரவு வேண்டாம்.

இன்னொன்று. உட்கார்ந்த நேரத்தில் நினைத்த பாடம் முடிந்ததா?

ஈரோட்டுப்பொண்ணு

தமிழ் முடிகிறது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ஓர் இயலுக்கு 2 மணி நேரம் போட்டேன், சரியாக இருந்தது. தனிவட்டி, கூட்டுவட்டிக்கு 3 போட்டது 5 ஆனது.

பழைய பரீட்சைக்காரன்

இது வேறு நோய். உட்காராமல் போனது ஒன்று, உட்கார்ந்தும் முடியாதது இன்னொன்று. இரண்டையும் ஒரே "குறைவு" என்று எழுதினால் எதைச் சரிசெய்வது என்று தெரியாது. தாளில் திட்டமிட்டது, உட்கார்ந்தது என்ற இரண்டுக்கும் பக்கத்தில் "பாடம் முடிந்ததா" என்று ஒரு டிக் போதும். உட்காராதது என்றால் நேரத்தை மாற்றுங்கள். முடியாதது என்றால் அந்தப் பாடத்துக்குப் போடும் மணியை மாற்றுங்கள். கணக்குக்கு மட்டும் இனி 3 என்று தோன்றினால் 5 என்று எழுதுங்கள், தமிழைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று பாடம் போனதும் அந்த 5-ஐயும் திரும்பப் பாருங்கள். ஒரே ஒரு பாடத்தை வைத்துச் சொல்கிறேன்.

விடியல்

எனக்கு மில்லில் ஷிப்ட். வாரா வாரம் நேரம் மாறும், அதனால் மூன்று திட்டம் வைத்திருக்கிறேன். ஞாயிறு ராத்திரி மட்டும் இந்த வேலை வேண்டாம் அக்கா. அந்த நேரத்தில் குற்ற உணர்ச்சியில் அதிகமாக எழுதிவிடுவேன். இப்போது ஞாயிறு சாயங்காலம் டீ குடிக்கும்போது இருபது நிமிஷம், அதோடு சரி.

நூலகவாசி

எல்லாம் சரி, 16.5-ல் சிலபஸ் முடியுமா?

ஈரோட்டுப்பொண்ணு

பயந்துகொண்டே போட்டுப் பார்த்தேன். 14 வாரத்தில் பாதி கனமான வாரம் என்றால் ஏழு 16.5, ஏழு 11.5, மொத்தம் 196 மணி நேரம். நான் போட்ட பட்டியலுக்கு இன்னும் 250 வேண்டும்.

பழைய பரீட்சைக்காரன்

நூலகவாசி கேட்டது நியாயமான கேள்வி. அந்த 250-ல் கணக்குக்கு 30 போட்டிருந்தால் அது 50 ஆகும், ஆக 270. இப்போதே தெரிந்தது நல்லது, கடைசி மாதத்தில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. 74 மணி நேரத்தைப் பட்டியலில்தான் வெட்ட வேண்டும். தமிழில் கை வைக்காதீர்கள்: 200 கேள்வியில் 100 அது, 40 சதவீதம் வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவில் வெட்டலாம் என்பது என் எண்ணம்.

தேங்காய்ச்சில்லு

பொது அறிவு 75 கேள்வி, கணக்கு 25. கணக்குக்கு 50 மணி நேரம் கொடுப்பதற்கு அதைக் குறைக்கலாமே?

பழைய பரீட்சைக்காரன்

கணக்கு வந்துவிட்டால் முழு மார்க், மறக்கவும் மறக்காது. ஆனால் நீங்கள் சொல்வதையும் தள்ள முடியவில்லை. ஒரு பழைய வினாத்தாள் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஈரோட்டுப்பொண்ணு (இரண்டு வாரம் கழித்து)

முதல் வாரம் 16.5-க்கு 15. இரண்டாவது, 11-ம் தேதி வந்த வாரம், 11.5-க்கு 12.5. சனிக்கிழமை காலை இரண்டு வாரமும் உதவியது. இரவு மட்டும் இரண்டு போட்டு ஒன்றுதான் நடந்தது, அடுத்த லேசான வாரத்தில் ஒன்றாகக் குறைக்கப் போகிறேன். வினாத்தாள் எழுதியதில் கணக்கில் 25-க்கு 9. எதை வெட்டுவது என்று இன்னும் தெரியவில்லை.