பனம்பழம் விழும் புத்தகம்

மைதிலி: அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகத்தில், தாள்களை விரலால் புரட்டும்போது படம் அசைவது ஏன் என்று நான் மூன்று நிமிடம் பேச வேண்டும். காட்டுவதற்காக, பனம்பழம் ஒன்று விழுவதை 24 தாள்களில் வரைந்தேன். ஆனால் புரட்டினால், பழத்தை நூலில் கட்டி மெல்ல இறக்குவது போலத் தெரிகிறது.

சித்தப்பா: படம் மறைந்த பின்னும் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு செக்கன் கண்ணில் தங்கி நிற்கும். அதற்குள் அடுத்த படம் வந்துவிடுவதால் அசைவு உண்டாகிறது. இதைச் சொன்னாலே பேச்சு முடிந்துவிடும், பிள்ளை.

பெரியப்பா: தம்பி சொன்னதில் பாதி சரி. இருட்டில் கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் ஒளி வட்டமாகத் தெரிவது அந்தப் பார்வை நிலைப்பினால்தான். ஆனால் பழைய படங்கள் கண்ணில் நிற்பது மட்டுமே காரணமானால், பழம் விழுவதாகத் தெரியாது. பல பழங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலங்கிய கறையாகத்தான் தெரியும். 1912இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டிப் பார்த்தார். இடைநேரம் நீண்டபோது ஒன்று மறைந்து மற்றது தோன்றியது. மிகக் குறுகியபோது இரண்டும் சேர்ந்தே நின்றன. நடுத்தரமான நேரத்தில் மட்டும் ஒரே கோடு இடம் பெயர்ந்ததாகத் தெரிந்தது. அந்த இணைப்பைச் செய்வது மூளை.

பெரியம்மா: எங்கள் வீட்டு மின்விசிறி சில வேளைகளில் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிகிறதே, அதுவும் இதுதானா?

பெரியப்பா: இரவில் என்றால் விளக்கின் துடிப்பு காரணமாக இருக்கலாம்.

பெரியம்மா: பகலில், விளக்கை அணைத்திருக்கும்போதும் கண்டிருக்கிறேன்.

பெரியப்பா: தொடர்ச்சியான வெளிச்சத்தில் அப்படித் தெரிவது ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. மைதிலி, உன் பழம் ஒரு தாளுக்கு எவ்வளவு இறங்குகிறது?

மைதிலி: எல்லாத் தாள்களிலும் 2 மில்லிமீற்றர், பெரியப்பா. அடிமட்டம் வைத்து அளந்தேன்.

பெரியப்பா: அந்த ஒழுங்குதான் பிழை. விழும் பொருள் வர வர வேகம் கூடும். ஆகவே தாளுக்குத் தாள் 1, 3, 5, 7, 9, 11 மில்லிமீற்றர் என்று இறக்கு; ஆறு நகர்வில் 36 மில்லிமீற்றர் வந்துவிடும். செக்கனுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு தாள் புரட்டினால் விழுந்து முடிய அரைச் செக்கன் போதும். மிகுதித் தாள்களில் முன்னதாகப் பழம் காம்பில் அசையாமல் தொங்கட்டும், பின்னர் நிலத்தில் உருளட்டும். கடைசி நகர்வில் ஒரே பழமாக அன்றி இரண்டு பழங்கள் தோன்றி மறைவதாகத் தெரிந்தால் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள்; அந்தப் படத்தில் பழத்தைச் சற்று நீட்டி வரை.

மைதிலி: வரைந்துவிட்டேன், பழம் உண்மையாகவே விழுகிறது! ஆனால் மரம் நடுங்குகிறது.

பெரியப்பா: மரத்தை ஒவ்வொரு தாளிலும் கண்ணளவில் வரைந்திருப்பாய். கடைசித் தாளிலிருந்து தொடங்கு. அதன்மேல் அடுத்த தாளை வைத்து, ஓரங்களைப் பொருத்தி, யன்னல் கண்ணாடியில் பிடித்து மரத்தை அப்படியே படியெடு.

மைதிலி: மரத்தோடு இன்றிரவு 24 தாள்களையும் திரும்ப வரைகிறேன். நடுங்கும் புத்தகத்தையும் கொண்டுபோய், முதலில் அதைப் புரட்டிக் காட்டுவேன்.