கலைச்சொல்: 'டேஸ்டிங் டிரெயில்' தமிழில் என்ன? சுவைத்தடமா, ருசிவழியா?

ச., வெள்ளவத்தை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பயண முகவருக்காக ஆகஸ்ட் விடுமுறைக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோட்டையில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கி, நுவரெலியா, அப்புத்தளை என்று நான்கு நாட்களில் ஆறு தேயிலைத் தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் தேநீரைச் சுவைத்துப் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம்.

எனக்கு இரண்டு சொற்கள் தேவை. 'டேஸ்டிங் டிரெயில்' என்பதற்குச் 'சுவைத்தடம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சுவைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் விட வேண்டிய ஓய்வுக்குத்தான் சொல் அகப்படவில்லை. 'வேகக் கட்டுப்பாடு' என்று எழுதிப் பார்த்தேன். போக்குவரத்துப் பொலிஸார் நட்ட பலகை போல இருக்கிறது.

ம., தெகிவளை எழுதியது:

'தடம்' வேண்டாம். சென்னையில் பஸ் போகும் வழியை 'வழித்தடம்' என்பார்கள். நமக்கோ தடம் என்றால் காலடி. 'ருசிவழி' எளிது, கடைக்காரருக்கும் விளங்கும்.

சொல்லை விட்டுப் பயணத்துக்கு வருகிறேன். தேயிலையில் உயரம் கூடினால் தரம் கூடும். ஆகவே ஆறு தோட்டங்களையும் நுவரெலியாவைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். பால் கலந்த கோப்பை எதுவும் மேசையில் இருக்கக்கூடாது என்றும் அச்சிடுங்கள். உண்மையான சுவைஞர்கள் பாலைத் தொடவே மாட்டார்கள்.

ர., பம்பலப்பிட்டி எழுதியது:

தம்பி, இதில் மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டங்களும் வருமா? மிளகும் ஏலமும் இருந்தால் பிள்ளைகளுக்குப் பொழுது போகும்.

போன வருடம் வீட்டார் ஒன்பது பேர் வேனில் போனோம். ஒரே நாளில் ஐந்து தொழிற்சாலைகள். மூன்றாவதிலேயே எனக்கு எல்லாத் தேநீரும் ஒன்றுபோல ஆகிவிட்டது. நான்காவதில் மாமியார், "இது நம் வீட்டுத் தேநீர்தானே, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டுவிட்டார். ஐந்தாவதில் வேனை விட்டு ஒருவரும் இறங்கவில்லை. நீங்கள் தேடும் சொல் 'திகட்டல்' என்று நினைக்கிறேன்.

வி., கொள்ளுப்பிட்டி எழுதியது:

முப்பது வருடம் கொழும்புத் தேயிலை ஏலத்துக்காகச் சுவை பார்த்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு நேர்ந்தது திகட்டல் இல்லை. திகட்டுவது இனிப்பும் நெய்யும். தேநீரில் நாக்கைக் கெடுப்பது துவர்ப்பு. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் வாய் சொரசொரப்பாகிறது அல்லவா, அதே கதைதான். தேயிலையின் துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, வாயின் வழுவழுப்புப் போய்விடுகிறது. எச்சில் மறுபடி ஊறுவதற்கு முன் அடுத்த கோப்பையைக் குடித்தால், முதல் கோப்பையின் துவர்ப்பு இரண்டாவதன் கணக்கில் ஏறும். இப்படி ஏறிக்கொண்டே போனால் நான்காவது கோப்பையில் எந்தத் தேயிலையும் ஒன்றுதான்.

நாங்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைப் பார்த்தோமே என்றால், ஒரு கரண்டியைச் சத்தமாக உறிஞ்சி, சில நொடிகளில் துப்பிவிட்டு நகர்வோம். சுற்றுலாப் பயணி விழுங்குகிறார். அவருக்கு ஒரு வேளைக்கு ஐந்தாறு கோப்பை போதும், ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். நடுவில் வெறும் தண்ணீரும் உப்பும் இனிப்பும் இல்லாத பிஸ்கட்டும் கொடுங்கள்.

நாக்கு களைத்துவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. முதல் கோப்பையில் போட்ட அதே தேயிலையை, சொல்லாமல், கடைசியில் புதிதாக ஊற்றி வையுங்கள். "இது வேறு" என்று பெரும்பாலானோர் சொன்னால் வரிசை நீண்டுவிட்டது என்று பொருள். அடுத்த முறை இரண்டு கோப்பையைக் குறையுங்கள்.

தெகிவளைத் தம்பிக்கு: உயரம் தரம் இல்லை, உயரம் குணம். ருகுணுவின் தாழ்நிலத் தேயிலை கருத்த சாயமும் கனமும் உடையது. மத்திய கிழக்கில் அதற்கு நல்ல விலை. உயரத்தைவிடப் பருவம்தான் முக்கியம். மேற்குச் சரிவில் இருக்கும் திம்புள்ளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. கிழக்கே, அப்புத்தளை இருக்கும் ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்றில் கொழுந்து காய்ந்து அந்த வாசனை வரும். ஆகஸ்டில் போகிறவர்களை, மழையில் நனைந்திருக்கும் மேற்குச் சரிவில் தோட்டம் தோட்டமாக ஏன் அலைய விட வேண்டும்? பாலைப் பற்றியும் பாதிதான் சரி. பால் கலந்து குடிக்கும் நாடுகளுக்குப் போகும் தேயிலையை நாங்கள் பால் ஊற்றியும் பார்ப்பதுண்டு.

ஆகவே ஆறில் நான்கை வெட்டுங்கள். முதல் நாள் ரயிலோடு சரி, சுவைப்பு வேண்டாம். இரண்டாம் நாள் காலை நுவரெலியாவில் ஒரு தொழிற்சாலை. மூன்றாம் நாள் காலை அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை. லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை அது. கொழும்பிலேயே ருகுணுத் தேயிலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய், அங்கே கேட்டுப் பார்த்து அதே மேசையில் வையுங்கள். மூன்றும் பி.ஓ.பி. என்ற ஒரே இலையளவு ரகமாக இருக்கட்டும், ரகம் மாறினால் இடத்தின் வேறுபாடு தெரியாது. நுவரெலியா முதலில், ஊவா நடுவில், ருகுணு கடைசியில். கனத்ததை முதலில் குடித்தவருக்கு மெல்லியது வெந்நீர்தான்.

கோப்பைக்கு ஏறக்குறைய மூன்று கிராம், 150 மில்லிலீட்டர் கொதிநீர், ஆறு நிமிடம். வடித்த இலையை மூடியில் கவிழ்த்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். பாதி விடயம் அங்கே இருக்கிறது. நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். வாங்கி வந்த அதே தேயிலை கொழும்பில் கடுமையாக இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். "கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான்" என்று சண்டைக்குப் போன உறவினர் எனக்கு உண்டு.

சொல்லுக்கு வருகிறேன். துவர்த்த நாக்கு ஆறுவதற்கு விடும் நேரம் 'நாவாறல்'. புண் ஆறும், பால் ஆறும், நாவும் ஆறட்டும்.

செ., வத்தளை எழுதியது:

நான் ஹட்டனில் பிறந்தவள். ஐயா சொன்ன 'சாயம்' எங்கள் வீட்டுச் சொல். லயத்தில் காலையில் குடிப்பது சாயத்தண்ணி. அதனால் 'சாயவழி' என்று வைத்தால் என்ன என்று தோன்றியது. துணிக்குச் சாயம் போடும் பட்டறை என்று கொழும்பில் நினைத்துவிடுவார்களோ என்றும் தோன்றியது.

துண்டுப்பிரசுரத்தில் ஓரிடத்தில் 'பண்ணை' என்று இருந்தால் எடுத்துவிடுங்கள். அது தோட்டம். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம்; அதை நீங்கள் எழுத வேண்டாம், பயணி கடை என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று. மூன்றாம் நாள் திங்கட்கிழமையாக வரக்கூடாது. பல தோட்டங்களில் ஞாயிறு கொழுந்து எடுப்பதில்லை. இரவில் வாட்டுவதற்கு இலை இருக்காது. திங்கள் காலை இயந்திரமும் ஓடாது. மற்ற நாட்களிலும் விடியற்காலையிலேயே அரைக்கத் தொடங்கிவிடுவார்கள். மதியம் போனால் கூட்டிப் பெருக்குவதைத்தான் பார்க்கலாம்.

ம., தெகிவளை எழுதியது:

பருவம் பற்றி ஏற்றுக்கொள்கிறேன். 'தடம்' பற்றி இல்லை.

ச., வெள்ளவத்தை எழுதியது:

வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில் 'சுவைத்தடம்' இருக்கும். தெகிவளை அண்ணா மன்னிக்கவும், முகவருக்கு அது பிடித்துவிட்டது. உள்ளே 'நாவாறல்' மூன்று இடங்களில் வருகிறது. தோட்டங்கள் இரண்டாகிவிட்டன, முகவர் முகம் சுளித்தார், வேன் வாடகை குறைவதைக் காட்டினேன். மாத்தளை இதில் வராது அக்கா. மிளகு கடித்த நாக்குக்கு நாவாறல் எவ்வளவு வேண்டும் என்று ஐயாவைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு சொல் மிச்சம். சுவைத்ததைத் துப்பும் பாத்திரத்துக்கு 'உமிழ்கலம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

ர., பம்பலப்பிட்டி எழுதியது:

படிக்கம், தம்பி. எங்கள் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது, பித்தளையில்.