டைடல் வால்யூமைக் குறைச்சதும் ஏபிஜி மோசமாச்சு, திரும்ப ஏத்தலாமா?

மஞ்சக்குப்பம்:
46 வயசு அம்மா, ஸ்க்ரப் டைஃபஸ், ரெண்டு பக்க நுரையீரலும் எக்ஸ்ரேல வெள்ளை. எக்கோ நல்லா இருக்கு. உயரம் 152 செ.மீ., எடை 75 கிலோ. வென்டிலேட்டர்ல டைடல் 450 மில்லி, ரேட் 18, பீப் 8, ஆக்சிஜன் 70 சதவீதம்னு வச்சிருந்தப்ப பிளாட்டோ 34. ஏபிஜில ஆக்சிஜன் 88, கார்பன் டை ஆக்சைடு 38, பிஹெச் 7.38. சீனியர் சொல்லி டைடலை 270, ரேட் 28, பீப் 10 ஆக்கினோம். இப்ப பிளாட்டோ 26. ஆனா ஆக்சிஜன் 72, கார்பன் டை ஆக்சைடு 58, பிஹெச் 7.23. முன்னாடி ஏபிஜி நல்லா இருந்துச்சே, 450-க்கே போயிடலாமா?

முதுநகர் மயக்கவியல்:
போயிடலாம்னுதான் சொல்வேன். கிலோவுக்கு 6 மில்லிதானே விதி? 75-ஐ 6-ஆல பெருக்கினா 450. முதல்ல வச்சதே சரி. பிளாட்டோ 34 காட்டுறதுல பாதி வயித்துக் கொழுப்பு மேல தள்ளுறதால வர்றது. தியேட்டர்ல இப்படி உடம்புள்ளவங்களுக்கு தினமும் 450 கொடுக்கிறோம், ஒண்ணும் ஆகறதில்ல.

வில்லியனூர்:
சார், அந்த 6 மில்லி தராசுல நிக்கிற எடைக்கு இல்ல, உயரத்தை வச்சுக் கணக்கு போடுற எடைக்கு. உடம்பு பெருத்தா நுரையீரல் பெருக்காது. பெண்களுக்கு:

```
45.5 + 0.91 × (152 − 152.4) ≈ 45 kg
```

45 கிலோவுக்கு 6 மில்லின்னா 270. அவங்களுக்குப் போய்க்கிட்டிருந்த 450, கிலோவுக்கு 10 மில்லி.

மஞ்சக்குப்பம், உங்க எண்களையே இன்னொரு தடவை பாருங்க. முன்னாடி 450-ஐ (34−8)-ஆல வகுத்தா 17. இப்ப 270-ஐ (26−10)-ஆல வகுத்தாலும் 17. அதாவது ஒரு அலகு அழுத்தத்துக்கு 17 மில்லி விரியுது. நுரையீரல் மாறவே இல்ல. மாறினது ஒவ்வொரு மூச்சுலயும் அதுல விழுற இழுப்பு: 26-ல இருந்து 16-க்கு வந்திருக்கு.

அந்த 17-க்கு அர்த்தம் முழு நுரையீரலும் கல்லாயிடுச்சுங்கிறது இல்ல. தந்துகிச் சுவர் ஓட்டையாகி புரோட்டீனோட நீர் உள்ள இறங்குது. அது சர்ஃபாக்டன்ட்டைக் கெடுக்குது. மல்லாந்து படுத்திருக்கிறதால முதுகுப் பக்கம் மூழ்கி மூடிக்குது. காத்து போக மிச்சமிருக்கிறது முன்பக்கத்துல ஒரு குழந்தை நுரையீரல் அளவுதான். கத்தினோனி சிடி எடுத்துக் காட்டினது இதைத்தான். முழு நுரையீரலுக்கான 450 மில்லியும் அந்தச் சின்ன இடத்துக்குள்ளதான் போகுது. அங்க சுவர் இழுபட்டுப் புதுசா கசியும், அழற்சி ரத்தத்துல கலந்து கிட்னி வரைக்கும் போகும். தியேட்டர்ல ஒண்ணும் ஆகாததுக்குக் காரணம், அங்க அதே 450 நல்ல நுரையீரல் முழுக்கப் பரவுது.

மஞ்சக்குப்பம்:
அப்ப ஆக்சிஜன் ஏன் குறைஞ்சுது மேடம்? அதுதான் பயமா இருக்கு.

வில்லியனூர்:
பெரிய மூச்சு கொடுத்தா பாதி மூடின அறைகளும் இழுபட்டுத் திறக்கும், அதனால ஆக்சிஜன் ஏறும். அதுக்கு விலை கொடுக்கிறது நல்லா இருக்கிற பகுதி. 2000-ல வந்த ஏஆர்டிஎஸ்நெட் ஆய்வுல 861 பேர். 6 மில்லி குழுவுக்கு முதல் நாள் ஆக்சிஜன் மத்தவங்களைவிடக் குறைவாத்தான் இருந்துச்சு. ஆனா இறப்பு 12 மில்லி குழுவுல 39.8 சதவீதம், 6 மில்லி குழுவுல 31. அந்த ஆய்வோட ஆக்சிஜன் இலக்கே 55-ல இருந்து 80 வரைக்கும்தான். உங்க 72 அதுக்குள்ளதான் இருக்கு.

நெல்லிக்குப்பம்:
நான் டாக்டர் இல்லீங்க. எங்க அப்பாவுக்கு சிஓபிடி. கார்பன் டை ஆக்சைடு 58 ஆனப்ப மயக்கமாகி மாஸ்க் மெஷின் போட்டாங்க. இங்க 58-ஐ விட்டுடலாம்னு பேசுறீங்களே?

வில்லியனூர்:
ஐயா, அப்பாவுக்கு மூச்சு ஓய்ஞ்சு அது ஏறியிருக்கும். அப்ப மெஷின் உதவி கொடுத்தது சரி. இந்த அம்மாவுக்கு ஏற்கெனவே குழாய் போட்டு மயக்கத்துல வச்சிருக்கு, நாங்களே அளவைக் குறைச்சதால ஏறியிருக்கு. ரெண்டையும் ஒண்ணாப் பார்க்காதீங்க. அப்பாவோட டாக்டர் சொன்னபடியே போங்க.

முதுநகர் மயக்கவியல்:
உயரக் கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா கார்பன் டை ஆக்சைடை இவ்வளவு லேசா விடாதீங்க. ஸ்க்ரப் டைஃபஸ் மூளையையும் பிடிக்கும். மண்டைக்குள்ள அழுத்தம் ஏறியிருந்தா 58 ஆபத்து. வலது இதயத்துக்கும் சுமை. அதோட நீங்க சொல்ற ஆய்வு 12-ஐயும் 6-ஐயும் ஒப்பிட்டது. இன்னிக்கு யாரும் 12 கொடுக்கிறதில்ல. 8 கொடுத்தா என்ன?

வில்லியனூர்:
மூளை பத்தி நீங்க சொன்னது ரொம்பச் சரி. குழாய் போடுறதுக்கு முன்னாடி குழப்பம், வலிப்பு, கழுத்து விறைப்பு இருந்துச்சா? இருந்திருந்தா நான் சொல்றது பொருந்தாது.

8 மில்லின்னா 360. அதை 17-ஆல வகுத்தா 21, பீப் 10 சேர்த்தா பிளாட்டோ 31. அந்த 21-தான் எனக்கு ஆகாது. 2015-ல அமாட்டோ குழு பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப, இறப்போட அதிகம் ஒட்டிப்போனது பிளாட்டோவுக்கும் பீப்புக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான். 15-க்குள்ள வைக்கத்தான் பார்ப்பேன், இப்ப 16-ல நிக்குது.

திருப்பாதிரிப்புலியூர் சிஸ்டர்:
டாக்டர், ஒய்-பீஸ்ல ஹெச்எம்இ ஃபில்டரா மாட்டியிருக்கீங்க? ஃபில்டரும் கேதீட்டர் மவுண்ட்டும் சேர்ந்து 50 மில்லிக்கு மேல பிடிக்கும். 450-ல அது தெரியாது. 270-ல அஞ்சுல ஒரு பங்கு குழாய்க்குள்ளயே போயிட்டு வரும். ஃபில்டரை எடுத்துட்டு ஹீட்டட் ஹ்யூமிடிஃபையர் போடுங்க. ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க, ஃபில்டர் நனைஞ்சு அடைச்சுக்கும்.

இன்னொண்ணு, ஸ்க்ரீன்ல அலையை நின்னு பாருங்க. ஒரு மூச்சு வெளிய வர்றதுக்குள்ள அடுத்தது ஏறுதா? சின்ன மூச்சு பத்தாம பேஷன்ட் உடனே இன்னொண்ணு இழுப்பாங்க. செட் பண்ணினது 270, உள்ள போறது 540. சார்ட்ல 270-ன்னுதான் எழுதியிருக்கும்.

வில்லியனூர்:
சிஸ்டர் சொன்னதை முதல்ல செய்யுங்க. ரெட்டை மூச்சு இருந்தா மயக்க மருந்தை ஏத்துங்க, இன்ஸ்பிரேட்டரி டைமைக் கொஞ்சம் நீட்டுங்க. அதுலயும் நிக்கலைன்னா தசைத் தளர்ப்பி. ரேட்டை 35 வரைக்கும் ஏத்தலாம். ஆனா வெளிமூச்சு ஃப்ளோ கோடு பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த மூச்சு தொடங்கணும். இல்லன்னா உள்ளயே காத்து தேங்கி பிளாட்டோ ஏறும், பிபி இறங்கும். பிஹெச் 7.15-க்குக் கீழ போனா நானே டைடலை ஏத்தச் சொல்வேன்.

மஞ்சக்குப்பம்:
குழப்பமோ வலிப்போ இல்ல, பியூப்பிள் சரியா இருக்கு. ஹெச்எம்இதான் மாட்டியிருந்துச்சு. எடுத்துட்டு ரேட் 30 வச்சோம். இப்ப கார்பன் டை ஆக்சைடு 51, பிஹெச் 7.28, பிளாட்டோ 26. ரெட்டை மூச்சும் நாலஞ்சு தடவை வந்துச்சு, மயக்க மருந்து ஏத்தினதும் நின்னுடுச்சு. ஆக்சிஜன் 74-ல நிக்குது.

வில்லியனூர்:
74-ஐ 0.7-ஆல வகுத்தா 106. 150-க்குக் கீழ இருக்கு, குப்புறப் படுக்க வைங்க. அரை நாள் போதாது, ஒரே மூச்சா 16 மணி நேரமாவது. 2013 ப்ரோசீவா ஆய்வுல 28 நாள் இறப்பு 32.8-ல இருந்து 16 சதவீதத்துக்கு இறங்கினது அப்படி வச்சப்பதான். முதுகுப் பக்கம் திறந்தா இழுப்பு எல்லா இடத்துக்கும் பரவும், அந்த 16-ம் இறங்க வாய்ப்பிருக்கு.

முதுநகர் மயக்கவியல்:
குப்புற வைக்கிறதுல எனக்கும் மறுப்பு இல்ல. ஆனா வயித்து விஷயத்தை நீங்க தாண்டிப் போயிட்டீங்க. இந்த உடம்புக்கு பீப் 10 குறைவு. 14 வச்சா முதுகுப் பக்கம் மூடாம நிக்கும்.

வில்லியனூர்:
இருக்கலாம். உணவுக்குழாய் பலூன் இல்லாம வயித்தோட பங்கு எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. 14 வைக்கிறதா இருந்தா டைடலை மாத்தாம வச்சு, பத்து நிமிஷம் கழிச்சுப் பிளாட்டோ பாருங்க. 30-ஓ அதுக்கு மேலயோ போச்சுன்னா திறந்தது ஒண்ணுமில்ல, திறந்திருந்ததைத்தான் ஊதியிருக்கோம். 28-ல நின்னா சார் சொன்னது சரி.

திருப்பாதிரிப்புலியூர் சிஸ்டர்:
புதுச்சேரிக்கு அனுப்புறதா இருந்தா ஒண்ணு. டிரான்ஸ்போர்ட் வென்டிலேட்டருக்கு மாத்தறப்ப, மூச்சை உள்ளயே நிறுத்தி ட்யூபைக் கிளாம்ப் பண்ணிட்டுத்தான் கழட்டணும். ரெண்டு நொடி திறந்து விட்டாலே பீப் போயி நுரையீரல் மூடிக்கும். அப்புறம் இதே 270-லயே ஆக்சிஜன் 60-க்கு வந்துடும், வழியில யாராவது பயந்து டைடலை ஏத்திடுவாங்க.