புதுப்பிப்பு: விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை, எப்படிக் கேட்பது?

முன்பு கேட்டது: "ஹட்டனில் கணக்கு உதவியாளர் வேலைக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்தேன். முடிவுத் திகதி போய் மூன்று வாரம். கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களா?"

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஆளணிப் பிரிவில் வேலை செய்யும் அக்கா சொன்னபடி, புது மின்னஞ்சல் எழுதாமல், முதலில் அனுப்பியதைத் திறந்து அதிலேயே 'ரிப்ளை' கொடுத்தேன். பழைய கடிதம் கீழேயே நிற்கும், தேட வேண்டியதில்லை. ஆனால் ரிப்ளையில் இணைப்புகள் கூடப் போகாது. சுயவிபரக்கோவையைத் திரும்ப இணைக்க வேண்டும். பலர் விடுவது இங்கேதான்.

எழுதியது இவ்வளவுதான்:

"மதிப்புக்குரிய ஐயா/அம்மணி, கணக்கு உதவியாளர் பதவிக்கு நான் அனுப்பிய விண்ணப்பம் கீழே உள்ளது. தெரிவு எந்தக் கட்டத்தில் உள்ளது என்று அறியத்தர முடியுமா? மேலதிக ஆவணங்கள் தேவைப்பட்டால் உடனே அனுப்புவேன். நன்றி."

அடியில் முழுப்பெயரும் தொலைபேசி இலக்கமும். தலைப்பில் 'நினைவூட்டல்' என்று போடவில்லை. கடன் பாக்கி கேட்பது மாதிரி இருக்கும்.

பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்ன அண்ணா பாதி சரி. பற்றுச்சீட்டு கடிதம் அனுப்பியதைக் காட்டும், தெரிவு செய்பவர் பார்த்ததைக் காட்டாது. வர்த்தமானியில் வந்த ஆசிரியர் வேலையைப் பற்றிக் கேட்ட தங்கச்சி, அது வேறு வழி. அறிவித்தலில் உள்ள நடைமுறையைப் பாருங்கள்.

"பெற்றுக்கொண்டோம், நேர்முகத் தேர்வுப் பட்டியல் இன்னும் தயாராகவில்லை" என்று பதில் வந்தது. வாட்ஸப்பில் கேட்கலாமா என்பதில் மட்டும் இங்கே இன்னும் இரண்டு கட்சி.