சரிபார்த்தால் பொருந்துகிறது, விடை மட்டும் பிழை: ஒருங்கமை சமன்பாட்டுக் கணக்கு ஒன்று

நானுஓயா அக்கா

தரம் 9 படிக்கும் தங்கையின் கொப்பியில் உள்ள கணக்கு இது. 3 கிலோ கரட்டின் விலை, 2 கிலோ லீக்ஸின் விலையைவிட 360 ரூபாய் கூடியது. 2 கிலோ கரட்டும் 3 கிலோ லீக்ஸும் சேர்ந்து 1020 ரூபாய். ஒரு கிலோ என்ன விலை? கரட்டை x, லீக்ஸை y என்று வைத்து அவள் செய்தது:

3x − 2y = 360
2x + 3y = 1020

மேலே உள்ளதை 2ஆல், கீழே உள்ளதை 3ஆல் பெருக்கினாள்.

6x − 4y = 720
6x + 9y = 3060

கழித்து 5y = 2340, அதனால் y = 468. அதை முதலாம் சமன்பாட்டில் பிரதியிட்டு x = 432. பிறகு சரிபார்த்தும் இருக்கிறாள்: 3 × 432 − 2 × 468 = 1296 − 936 = 360. அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ஆசிரியை பிழை என்று போட்டிருக்கிறார். சரிபார்த்துப் பொருந்திய விடை எப்படிப் பிழையாகும்? தங்கை அழுதுகொண்டு இருக்கிறாள், எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதுளைத் தம்பி

அக்கா, லீக்ஸ் கிலோ 468 என்றால் 3 கிலோவுக்கு 1404 ரூபாய். கரட்டைச் சேர்க்காமலேயே 1020ஐத் தாண்டிவிட்டது. ஆசிரியை போட்டது சரி.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் நான் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கண்டுபிடித்த y பெறுமானத்தை எப்போதும் சக அடையாளம் உள்ள சமன்பாட்டில் பிரதியிட வேண்டும். 468ஐ இரண்டாவதில் போட்டுப் பாருங்கள். 2x = 1020 − 1404 = −384, அப்போது x = −192. கரட்டின் விலை மறை எண்ணாக வருமா? பிழை அந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும். தனியாகச் சரிபார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

தலவாக்கலை கணித ஆசிரியர்

தம்பி, இந்தக் கணக்கில் அது வேலை செய்தது, உண்மை. ஆனால் அதை விதியாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். தங்கை வேறொரு இடத்தில் தவறி y = 300 என்று எடுத்திருந்தால்? நீங்கள் சொல்வதுபோல் இரண்டாவதில் பிரதியிட்டால் 2x = 1020 − 900 = 120, x = 60. மறை எண் இல்லை, பின்னமும் இல்லை. பார்ப்பதற்கு நல்ல விடை, ஆனால் பிழையான விடை.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். இதில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பிழை நடந்த இடம். கீழ்ச் சமன்பாட்டிலிருந்து மேல்ச் சமன்பாட்டைக் கழிக்கும்போது 6x இல்லாமல் போகிறது. அடுத்து 9yயிலிருந்து கழிக்க வேண்டியது 4y அல்ல, சய 4y. அதாவது 9y − (−4y), விடை 13y. தங்கை அந்தச் சய அடையாளத்தைக் கண்ணில் எடுக்காமல் 9இலிருந்து 4ஐக் கழித்துவிட்டாள். வலப்பக்கம் 3060 − 720 = 2340 என்பதைச் சரியாகத்தான் செய்திருக்கிறாள். ஆகவே 13y = 2340, y = 180. அதை முதலாவதில் போட்டால் 3x = 360 + 360 = 720, x = 240.

இரண்டாவது, பிழையான விடை ஏன் பொருந்தியது என்பது. அவள் xஐ எங்கிருந்து எடுத்தாள்? முதலாம் சமன்பாட்டிலிருந்து. 468உடன் சேர்ந்து அந்தச் சமன்பாட்டுக்குப் பொருந்தும் எண் எது என்று தேடித்தான் 432ஐ எடுத்தாள். பிறகு அதே சமன்பாட்டிடம் போய்ப் பொருந்துகிறாயா என்று கேட்டால், பொருந்துகிறேன் என்றுதான் அது சொல்லும். y = 0 என்று வைத்தால் x = 120, முதலாவது பொருந்தும். y = 30 என்றால் x = 140, அதுவும் பொருந்தும். y = 300 என்றால் x = 320, பொருந்தும். ஒரு சமன்பாட்டுக்கு இப்படி முடிவில்லாமல் சோடிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டாவதற்கும் பொருந்துவது ஒரு சோடி மட்டுமே. அதைத்தான் கணக்கு கேட்கிறது.

எனவே பிரதியிடாத சமன்பாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். 2 × 432 + 3 × 468 = 864 + 1404 = 2268. வேண்டியது 1020. பிழை. சரியான சோடி: 2 × 240 + 3 × 180 = 480 + 540 = 1020. சரி.

வெலிமடை லொறிக்காரர்

நான் மரக்கறி ஏற்றுகிறவன். இந்தக் கணக்கைப் பார்த்ததும் என் பில்களை எடுத்தேன். கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு நாள் 100 கிலோ கரட்டும் 150 கிலோ லீக்ஸும் 51,000 ரூபாய்க்கு எடுத்தேன். மறுநாள் 200 கிலோ, 300 கிலோ, 102,000 ரூபாய். கிலோ விலையைத் தனித்தனியாக எழுதவில்லை. சேர் சொன்ன மாதிரி முதல் பில்லை 2ஆல் பெருக்கிக் கழித்தேன். கரட்டும் போய்விட்டது, லீக்ஸும் போய்விட்டது, 0 = 0 என்று நிற்கிறது. உங்கள் முறையில் ஏதோ கோளாறு இருக்கிறது.

தலவாக்கலை கணித ஆசிரியர்

அண்ணன், முறையில் கோளாறு இல்லை. இரண்டாவது பில் முதல் பில்லின் இரட்டிப்பு. கரட், லீக்ஸ், பணம் மூன்றும் இரட்டித்திருக்கின்றன. உங்களிடம் இரண்டு தாள்கள் இருந்தாலும் செய்தி ஒன்றுதான். அந்த 0 = 0 சொல்வது, விலையைப் பிரிக்க இது போதாது என்பதை. மறுநாள் பில் 98,000 ஆக இருந்திருந்தால் கழித்தபோது 0 = 4000 என்று வந்திருக்கும். அது வேறு செய்தி. இரண்டு நாளுக்கும் ஒரே விலை இல்லை என்று அர்த்தம்.

வெலிமடை லொறிக்காரர்

விலை நாளுக்கு நாள் மாறுவது எங்களுக்குப் புதிதல்ல. அப்படியானால் இரண்டு நாள் பில்லை வைத்து இந்தக் கணக்கைச் செய்யவே கூடாதல்லவா? ஒரே நாளில் இரண்டு தரம் வேறு வேறு அளவில் எடுத்தால்தான் சரிவரும்.

தலவாக்கலை கணித ஆசிரியர்

மிகச் சரி. x, y இரண்டு சமன்பாட்டிலும் ஒரே பொருளைக் குறிக்க வேண்டும்.

ஹப்புத்தளை டீச்சர்

சேரின் விளக்கத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை ஏன் கழிக்க விட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன். தொடக்கச் சமன்பாடுகளைப் பாருங்கள். ஒன்றில் −2y, மற்றதில் +3y. அடையாளங்கள் எதிரெதிராகவே இருக்கின்றன. xஐ விட்டுவிட்டு yஐ நீக்கியிருந்தால் கழித்தல் என்ற பேச்சே வந்திருக்காது. முதலாவதை 3ஆல், இரண்டாவதை 2ஆல் பெருக்கினால்:

9x − 6y = 1080
4x + 6y = 2040

கூட்டினால் 13x = 3120, x = 240. அதை இரண்டாவதில் போட்டால் 480 + 3y = 1020, y = 180. என் வகுப்பில் கொப்பிகளைத் திருத்தும்போது நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை கழிக்கும் வரியில்தான் இருக்கின்றன. அதனால் நான் கழிக்கவே விடுவதில்லை. அடையாளங்கள் ஒரேமாதிரி இருந்தால் ஒரு சமன்பாட்டை −1ஆல் பெருக்கிவிட்டுக் கூட்டச் சொல்கிறேன்.

தலவாக்கலை கணித ஆசிரியர்

இந்தக் கணக்குக்கு yஐ நீக்குவதுதான் நல்ல தெரிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் −1ஆல் பெருக்கச் சொன்னால் பிழை வேறு வரிக்கு இடம் மாறுகிறதே தவிரப் போய்விடுவதில்லை. 6x − 4y = 720 என்பதை −1ஆல் பெருக்கும் பிள்ளை −6x + 4y = 720 என்று எழுதுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வலப்பக்கத்தின் அடையாளத்தை மாற்ற மறந்துவிடுகிறார்கள். கழித்தலைத் தவிர்த்துக்கொண்டே போனால் மேல்வகுப்பில் −(−4y) வரும்போது என்ன செய்வார்கள்?

ஹப்புத்தளை டீச்சர்

சேர், −1ஆல் பெருக்கியதைத் தனி வரியில் எழுத வைத்தால் பிழை கண்ணுக்குத் தெரியும். மனதுக்குள்ளே கழித்தால் தெரியாது. இந்தக் கொப்பியையே பாருங்கள், 5y எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் ஊகித்துத்தானே சொன்னீர்கள்.

தலவாக்கலை கணித ஆசிரியர்

அப்படியானால் 9y − (−4y) என்பதையும் தனி வரியில் எழுத வைக்கலாமே. எழுத வைப்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கழித்தலை விலக்குவதில்தான் இருக்கிறது. அதில் நான் மாறப்போவதில்லை.

பதுளைத் தம்பி

சேர், எனக்கு ஒரு சந்தேகம். பிரதியிடாத சமன்பாட்டில் மட்டும் பார்த்தால் போதுமா, இரண்டிலும் பார்க்க வேண்டுமா? பரீட்சையில் நேரம் போய்விடுமே.

தலவாக்கலை கணித ஆசிரியர்

பிரதியிடும் வரியில் பெருக்கலும் கூட்டலும் சரியாக இருந்தால் மற்றதில் பார்ப்பது போதும். அந்த வரியிலும் சறுக்கியிருக்கலாம் என்று நினைத்தால் இரண்டிலும் பார்க்க வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் மற்றதை மட்டும் பாருங்கள். எதிலிருந்து விடையை எடுத்தீர்களோ அதில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது.

நானுஓயா அக்கா

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி கூட்டிச் செய்து தங்கை 240, 180 எடுத்துவிட்டாள். சரிபார்க்கும்போது பெருக்கிய சமன்பாடுகளிலேயே போட்டிருக்கிறாள்: 9 × 240 − 6 × 180 = 2160 − 1080 = 1080, 4 × 240 + 6 × 180 = 960 + 1080 = 2040. இரண்டிலும் பொருந்துகிறது. இது போதும்தானே?

ஹப்புத்தளை டீச்சர்

விடை சரி, அவளிடம் சொல்லுங்கள். ஆனால் சரிபார்த்த இடம் சரியில்லை. முதலாவதை 3ஆல் பெருக்கும்போது வலப்பக்கத்தைப் பெருக்க மறந்து 9x − 6y = 360 என்று எழுதியிருந்தால், 13x = 2400 என்று போய் வேறொரு சோடி வந்திருக்கும். அந்தச் சோடி 9x − 6y = 360இல் பொருந்தும், 4x + 6y = 2040இலும் பொருந்தும். இரண்டிலும் பார்த்துவிட்டேன் என்று அவள் கொப்பியை மூடியிருப்பாள். அதே சோடியைத் தொடக்கத்தில் எழுதிய 3x − 2y இல் போட்டிருந்தால் 360 வராது, 120தான் வரும். பெருக்கலில் நடந்த பிழையைப் பெருக்கிய சமன்பாடு காட்டிக்கொடுக்காது.

தலவாக்கலை கணித ஆசிரியர்

டீச்சர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்லுங்கள் அக்கா. சமன்பாட்டை எழுதும்போதே கரட்டையும் லீக்ஸையும் மாற்றி எழுதியிருந்தால் சமன்பாடு எல்லாமே பொருந்தும், கணக்கு பிழையாக இருக்கும். கேள்வியின் வசனத்துக்கே போக வேண்டும். 3 கிலோ கரட் 720 ரூபாய், 2 கிலோ லீக்ஸ் 360 ரூபாய், கரட் 360 ரூபாய் கூட. 2 கிலோ கரட் 480, 3 கிலோ லீக்ஸ் 540, சேர்ந்து 1020.

வெலிமடை லொறிக்காரர்

நாளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பில் போடச் சொல்லப் போகிறேன், ஒன்றில் கரட் கூட, ஒன்றில் லீக்ஸ் கூட. விலை பிரிந்து வருகிறதா என்று இங்கே எழுதுகிறேன்.