ஜாக்கி பம்புக்கு ஒரு தமிழ்ப் பேர் வேணும், பம்ப் ரூம் போர்டுல எழுதணும்

முருகேசன் (ஒரகடம்):
எல்லாருக்கும் வணக்கம். நான் வேலை பாக்குற குடோன்ல தீப்பிடிச்சா தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் போட்டிருக்காங்க, பம்ப் ரூம்ல மூணு பம்பு, கரண்டுல ஓடுற மெயின் ஒண்ணு, அது ஓடலைன்னா டீசல், அப்புறம் சின்னதா ஜாக்கி. ஷிஃப்ட் ஆபரேட்டருங்க எல்லாரும் தமிழ்ல நல்லா படிப்பாங்க, ஆனா போர்டு முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு, அதனால தமிழ்ல ஒரு போர்டு எழுதிக்கிட்டு இருக்கேன். மெயின் பம்பு, டீசல் பம்புன்னு எழுதிட்டேன், ஜாக்கிகிட்ட வந்து நின்னுட்டேன். அகராதியில குதிரை ஓட்டுறவன்னு இருக்கு, அதை வெச்சு என்ன பண்றது. ஆபரேட்டருங்க அதை 'சின்ன ஃபயர் பம்பு'ன்னு சொல்றாங்க, எனக்கு அது தப்புன்னு தோணுது, ஏன்னு சரியா சொல்லத் தெரியலை.

கவிதா:
பம்புக்கு எக்கின்னு நல்ல சொல் இருக்கு முருகேசன். பெரிய எக்கிக்கு உதவியா இருக்குறதால 'துணை எக்கி'ன்னு வைக்கலாம். சுருக்கமா இருக்கு, யாரும் படிச்சவுடனே புரியும்.

பத்மா:
எங்க அபார்ட்மெண்ட்லயும் இந்த ஜாக்கி இருக்குங்க, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருதடவை ஆன் ஆகி ஆன் ஆகி நிக்குது, கரண்ட் பில் ஏறுது. மாடி டேங்குக்கு தண்ணி ஏத்துற பம்புதானே அது, ஃப்ளோட் வால்வு மாத்தினா சரியாயிடுமா? பேரு 'ஏற்று பம்பு'ன்னு வெச்சிடலாமே.

அன்வர் (ஷார்ஜா):
பத்மாம்மா, அது மாடிக்கு ஏத்துற பம்பு இல்ல. ஸ்பிரிங்க்ளர் பைப்புக்குள்ள எந்நேரமும் தண்ணி அழுத்தத்தோட நிக்கும், வால்வு கிளாண்டு, ஜாயிண்ட்டுன்னு எங்கேயாவது சொட்டு சொட்டா கசிஞ்சா அழுத்தம் மெதுவா இறங்கும், இறங்குனதை ஈடு கட்டறதுக்குத்தான் ஜாக்கி. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை ஓடுதுன்னா கசிவு அதிகம்னு அர்த்தம். ஒவ்வொரு பிளாக்குக்கும் போற வால்வை ஒண்ணொண்ணா மூடிப் பார்க்கச் சொல்லுங்க, எதை மூடினதும் அழுத்தம் அப்படியே நிக்குதோ அந்தப் பக்கம்தான் கசிவு. எல்லாத்தையும் மூடியும் இறங்குச்சுன்னா பம்புகளோட நான்-ரிட்டர்ன் வால்வு ஏதோ ஒண்ணு பிடிக்கலை, தண்ணி திரும்ப டேங்குக்கே போகுது. மூடுறதுக்கு முன்னாடி செக்யூரிட்டிகிட்ட சொல்லிடுங்க, முடிஞ்சதும் எல்லா வால்வும் திறந்தாச்சான்னு ரெண்டு பேர் சரிபார்க்கணும், இது முக்கியம்.

கவிதா, 'துணை'ங்கிற சொல்லை மட்டும் வேண்டாம்னு கேட்டுக்கிறேன். அந்தச் சொல்லுக்குள்ள இருக்குற எண்ணம்தான் நான் பாத்த ரெண்டு பெரிய தப்புக்கும் காரணம்.

முதல் தப்பு, துணைதானே, பெருசா இருந்தா நல்லதுன்னு ஒரு இடத்துல 300 லிட்டர் ஜாக்கி போட்டிருந்தாங்க, நிமிஷத்துக்கு. ஒரு ஸ்பிரிங்க்ளர் வெடிச்சா எவ்வளவு தண்ணி வரும்னு கணக்கு போடுங்க. Q = K√P, Q நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், P எத்தனை பார் அழுத்தம், K ஸ்பிரிங்க்ளர் தலையோட துளையைப் பொறுத்த எண், சாதாரணத் தலைக்கு K 80, அந்த இடத்துல 6 பார் இருக்குன்னா 196 லிட்டர். 300 லிட்டர் பம்பு அந்த 196ஐ தனியாவே கொடுத்துடும், அழுத்தம் இறங்கவே இறங்காது, அதனால மெயினுக்கு தீப்பிடிச்ச சேதியே போகாது.

கவிதா:
அப்படின்னா தண்ணி வந்துக்கிட்டுதானே இருக்கு அன்வர்? தீ அணையத்தானே போகுது, என்ன கெட்டுப்போச்சு?

அன்வர்:
நியாயமான கேள்வி. ஒரு தலையோட தீ அணைஞ்சா ஒண்ணும் கெடலை. ஆனா ஜாக்கி ஒரு சாதாரண பம்பு, அதோட பேனல்ல ஓவர்லோடு ரிலே இருக்கும், மோட்டார் சூடானா தன்னைக் காப்பாத்திக்க டிரிப் ஆயிடும். மெயின் ஃபயர் பம்போட கன்ட்ரோலர் அப்படி இல்ல, மோட்டார் எரிஞ்சாலும் பரவாயில்ல, கட்டடத்துக்குத் தண்ணி போகணும்னு அதுல அந்த ஓவர்லோடே வைக்கிறதில்ல. தீக்கு முன்னாடி நிக்க வேண்டியது எதுன்னு இப்ப புரியுதா. ஜாக்கி கசிவை ஈடுகட்டணும், ஆனா ஒரு தலை திறந்தா தோத்துப் போகணும், தோத்தாத்தான் மெயின் எழும்பும். நம்ம ஊர்ல வழக்கமா போடுற 180 லிட்டர் ஜாக்கி இந்தக் கணக்குல நூல் இடைவெளியில தோத்துடும், எங்க பக்கம் மெயின் பம்போட ஒரு சதவீதம் அளவுக்குத்தான் போடுறோம்.

இரண்டாவது தப்பு செட்டிங்ல. இங்க ஒரு கிடங்கு, மெயின் பம்பு நிமிஷத்துக்கு 2840 லிட்டர், 7 பார். ராத்திரி ராத்திரி மெயின் தானா ஓடுதுன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா, ஜாக்கி பேனல்ல ஓடின மணி 41னு நிக்குது, போன மாச ரிஜிஸ்டர்லயும் அதே 41. ஒரு மாசமா ஜாக்கி ஒரு நிமிஷம்கூட ஓடலை. ஜாக்கியை 6 பார்ல எழும்பி 7ல நிக்குற மாதிரி வெச்சிருக்காங்க, மெயினை 6.5ல எழும்புற மாதிரி. கசிவுல அழுத்தம் இறங்கி 6.5 வந்ததும் மெயின் முந்திக்குது, ஜாக்கிக்கு முறையே வரலை. காவலாளி தூக்கம் கெடுதுன்னு மெயினோட பிரேக்கரையே இறக்கி வெச்சிருந்தார், நாங்க போனப்பவும் இறங்கித்தான் இருந்துச்சு.

சிவநேசன் (வவுனியா):
நாங்கள் இஞ்ச பாடப் புத்தகத்தில அமுக்கம் எண்டுதான் படிச்சனாங்கள், பம்பி எண்டும் சொல்லுவம். அதால எனக்கு 'அமுக்கம் பேணும் பம்பி' நல்லாப் படுது. அமெரிக்காவின்ர ஃபயர் பம்பி விதிமுறையான என்எஃப்பிஏ 20லயும் அதுக்கு அழுத்தத்தைப் பேணும் பம்பி எண்டுதான் பேர், ஜாக்கி எண்டது அடைப்புக்குள்ள வாற பட்டப்பேர். அன்வர், அந்தக் கிடங்கில செட்டிங்கை எப்பிடித் திருத்தினீங்கள்? நம்பர் சொன்னா பேரும் தெளியும்.

அன்வர்:
மேல இருந்து கீழ வரணும், அதுதான் முறை. முதல்ல டெலிவரி வால்வை மூடி மெயினை ஓட்டிப் பாத்தோம், தண்ணி எங்கேயும் போகாம உள்ளேயே சுத்துறப்ப கேஜ் 8.4 காட்டுச்சு. அதுக்கு மேல அந்த பம்பால போக முடியாது. அந்த 8.4லதான் ஜாக்கி நிக்கணும். டேங்கு தரைமட்டத்துல இருந்ததால உறிஞ்சுற பக்கத்து அழுத்தம் கணக்குல எடுக்குற அளவுக்கு இல்ல, இருந்தாலும் கேஜ் அதையும் சேர்த்துத்தான் காட்டும். அதுல இருந்து 0.7 கழிச்சு 7.7ல ஜாக்கி எழும்பும். இன்னொரு 0.35 கழிச்சு மெயின், 7.35. அதுக்கும் 0.7 கீழ டீசல், 6.65. பிஎஸ்ஐ கணக்குல 10, 5, 10. இந்த வரிசையை மாத்தினா அவ்வளவுதான்.

அதோட விட முடியலை. அங்க இருந்த ஜாக்கியால 8 பாருக்கு மேல தள்ளவே முடியலை, 8.4ல நில்லுன்னா நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு. வேற ஜாக்கி வாங்க வெச்சோம். வாங்கும்போது லிட்டரை மட்டும் பாக்குறாங்க, எவ்வளவு உயரம் தள்ளும்னு பாக்குறதில்ல.

முருகேசன்:
அன்வர் அண்ணே, ரொம்ப நன்றி. வால்வை மூடி ஓட்டுறப்ப வர்ற அந்த 8.4க்கும் ஒரு பேர் வேணும். எங்க கம்மிஷனிங் ரிப்போர்ட்ல சர்ன்னு போட்டிருக்கு, தயிர் கடையுறதுக்கு இங்கிலீஷ்ல சொல்ற அதே சொல். நீங்க சொல்ற மாதிரி தண்ணி உள்ளேயே சுத்துறது கடையுறதுதானே, 'கடைவு அழுத்தம்'னு வைக்கட்டுமா? அப்புறம் டேங்கையும் போர்டுல எழுதச் சொல்றாங்க, மெயின் நிமிஷத்துக்கு 2280 லிட்டர், ஒரு மணி நேரம்னா 2280 பெருக்கல் 60, ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்து எண்ணூறு. சரிதானே?

கவிதா:
கடைவு அருமை. 'கடை அழுத்தம்'னு மட்டும் சுருக்கிடாதீங்க, கடைசி அழுத்தம்னு படிச்சிடுவாங்க.

அன்வர்:
கடைவு எனக்கும் பிடிச்சிருக்கு. டேங்கு கணக்கு பாதி சரி. டேங்கு பம்போட பெயர்ப்பலகைக்கு இல்ல, ஸ்பிரிங்க்ளருக்கும் ஹோஸுக்கும் சேர்த்து எவ்வளவு தண்ணி வேணும்ங்கிறதுக்கு. எங்க கிடங்கோட கணக்கு, சதுர மீட்டருக்கு நிமிஷம் 8.1 லிட்டர், 139 சதுர மீட்டர் பரப்பு, பெருக்கினா 1126 வரும். பம்புக்குப் பக்கத்துல இருக்குற தலைங்க அதிகமாக் கொட்டும், அதனால ஹைட்ராலிக் கணக்குல 1300 வந்துச்சு. ஹோஸுக்கு 950. ஆக 2250, ஒரு மணி நேரத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் லிட்டர். 2840 லிட்டர் பம்பை வெச்சுப் பெருக்கியிருந்தா ஒரு லட்சத்து எழுபதாயிரம் வந்திருக்கும். ஆனா சில ஊர்ல ஃபயர் ஆபீஸ் பம்பை வெச்சுத்தான் கேக்குறாங்க, கூட இருந்தா தப்பில்ல, உங்க ஊர்ல அனுமதிக் கடிதத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க, அதுதான் செல்லும்.

இன்னொண்ணு, டேங்கோட நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி போர்டுல எழுதாதீங்க. உறிஞ்சுற குழாய்க்கு கீழ நிக்குற தண்ணி கிடைக்காது, அது கிட்ட வரும்போதே சுழி விழுந்து காத்து உள்ள போகும். 8 மீட்டருக்கு 6 மீட்டர் டேங்குல அரை மீட்டர் அப்படிப் போனா 24,000 லிட்டர் கணக்குல இருக்கும், கையில இருக்காது.

சிவநேசன்:
அப்ப அதுக்கு 'பயன்படு கொள்ளளவு' எண்டு எழுதுங்கோ முருகேசன். மொத்தக் கொள்ளளவையும் பக்கத்தில எழுதினா ஆக்கள் பெரிய நம்பரைத்தான் பாப்பினம், அதை விட்டிடுங்கோ.

பத்மா:
அன்வர் சார், ஒவ்வொரு வால்வா மூடிப் பாத்தாச்சுங்க, சி பிளாக்கை மூடினதும் முள்ளு அசையலை. பேஸ்மெண்ட்ல ஒரு டிரெயின் வால்வு சரியா மூடாம தண்ணி சாக்கடைக்குப் போய்க்கிட்டு இருந்திருக்கு, யாருமே பாக்கலை. எல்லா வால்வையும் திறந்து எழுதி வெச்சாச்சு. ஆனா இங்க குடிதண்ணி பம்பும் அதே சம்ப்புல இருந்துதான் எடுக்குது, அது பரவாயில்லையா?

அன்வர்:
குடிதண்ணி பம்போட குழாய் வாய் எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்கம்மா. ஃபயர் தண்ணிக்கு ஒதுக்கின மட்டத்துக்கு மேல இருந்தா அது தானா நின்னுடும், ஒதுக்கினது தப்பிக்கும். கீழ இருந்தா கோடைக்காலத்துல டேங்கர் வர்ற வரைக்கும் உங்க ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணி இல்ல, உடனே குழாயை உயர்த்தணும்.

முருகேசன்:
பேர் விஷயத்துக்கு வர்றேன். அன்வர் அண்ணன் ஈடுகட்டுறதுன்னு சொன்னதை வெச்சு 'கசிவீட்டு பம்பு'ன்னு ஒரு அட்டையில எழுதி நேத்து ராத்திரி ஷிஃப்ட்ல ரெண்டு பேர்கிட்ட காட்டினேன். ஒருத்தர் 'எந்த பம்பு கசியுது'ன்னு கேட்டாரு. அதனால அதை விட்டுட்டேன். 'அழுத்தம் காக்கும் பம்பு'ன்னு எழுதிக் காட்டினேன், அப்ப இன்னொருத்தர் 'அப்ப தீக்கு இது இல்லையா'ன்னு அவரே கேட்டாரு, எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டியிருந்துச்சு.

கவிதா:
துணையை நான் திரும்ப வாங்கிக்கிறேன். ஆனா காக்கும்னு பெயரெச்சமா நீளுது, 'அழுத்தங்காப்பு எக்கி'ன்னா சொல்லா நிக்கும், நாளைக்கு அகராதியிலயும் ஏறும்.

சிவநேசன்:
அகராதிக்கு அது சரி, ஆனா எனக்கு பேணுறது எண்டதுதான் பொருத்தம். காக்கிறது எண்டா ஆபத்தில இருந்து காக்கிற மாதிரி, திரும்பவும் ஃபயர் பம்பி எண்ட எண்ணம் வந்திடும்.

முருகேசன்:
அண்ணே சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான். போர்டுல இப்போதைக்கு 'அழுத்தம் காக்கும் பம்பு', கீழ சின்னதா ஜாக்கின்னும் எழுதிடுறேன், ஏன்னா பேனல் மேல அதுதான் இருக்கு, அவசரத்துல ஆள் தேடக்கூடாது. நம்பர் பத்தி, எங்க பேனலைப் பாத்தேன், ஜாக்கி 7.5ல எழும்பி 8.2ல நிக்குது, மெயின் 7.1. வரிசை சரியா இருக்கு, ஆனா கடைவு அழுத்தம் என்னன்னு எங்க ரிப்போர்ட்ல அந்தக் கட்டம் காலியா இருக்கு.

அன்வர்:
காலியா இருந்தா அந்த 8.2 எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஓட்டிப் பாத்து எடுங்க. கேஜ் சரியானதான்னு வேற ஒரு கேஜ் மாட்டிப் பாத்துட்டு எடுங்க. வால்வை மூடி ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, உள்ள தண்ணி சூடாகும், பம்பு மேல இருக்குற சின்ன ரிலீஃப் வால்வுல தண்ணி வருதான்னு பாத்துக்கோங்க.

முருகேசன்:
சனிக்கிழமை குடோன் லீவு, அன்னைக்கு ஓட்டுறோம். பேரை பெயிண்ட்ல எழுதிட்டேன், நம்பர் நாலையும் சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கேன்.