புதுப்பிப்பு: 600 மி.மீ. எஃகுக் குழாய்க்குத் தகடு முடிவாச்சு

முன்பு கேட்டது: "உள்விட்டம் 600 மி.மீ., அழுத்தம் 2 மெகாபாஸ்கல், அனுமதித் தகைவு 120 மெகாபாஸ்கல். தடிமன் எவ்வளவு? நீளவாட்டுத் தகைவையும் பார்க்கணுமா?"

குழாயைச் சுற்றி இழுக்கும் ஹூப் தகைவுக்கு t = pd/2σ போட்டால் 5 மி.மீ. "நீளவாட்டுத் தகைவு pd/4t, சரிபாதிதான், மறந்துடுங்க" என்றார் ஒரு தம்பி. உள்ளழுத்தம் மட்டும் என்றால் சரி. ஆனால் தாங்கிகளுக்கு நடுவே குழாய் தொய்ந்தால், வளைவுத் தகைவும் அதே திசையில்தான் சேரும்.

பைப்பிங் டிசைனில் இருக்கும் அண்ணன் கேட்டது வேறு: "வெல்டு எந்தப் பக்கம் ஓடுது?" நீளவாக்கில் ஓடும் வெல்டைப் பிளக்கப் பார்ப்பது ஹூப் தகைவு. எங்கள் வெல்டின் இணைப்புத் திறன் 0.8. ஐந்தை அதால் வகுத்தால் 6.25; துருவுக்கு 1.5 சேர்த்தால் 7.75. ஆகவே 8 மி.மீ. தகடு. புதிதில் ஹூப் 75, நீளவாட்டு 37.5 மெகாபாஸ்கல். துரு அந்த 1.5-ஐத் தின்ற பிறகும் ஹூப் சுமார் 92தான். வெல்டுக்கான வரம்பு 120-இல் 0.8 பங்கு, அதாவது 96.

ஒரு அக்கா, மோட்டாரை நிறுத்தியதும் தன் தோட்டத்து பிவிசி குழாய் நீளவாக்கில் பிளந்ததைச் சொன்னார். ஓடும் நீர் சட்டென நின்றால் அழுத்தம் அப்படி எகிறும். எங்கள் 2 மெகாபாஸ்கலில் அதுவும் அடக்கமா என்று பம்ப் ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.